வாடகை வீட்டில் பெரிய பழுது: செலவை வாடகையில் கழிக்கக் கோரும் கடிதத்தை எழுதுவது எப்படி?

புதுடெல்லி: பருவமழை முடியும் ஒவ்வோர் ஆண்டும் டெல்லியின் மேல்தள வீடுகளில் ஒரே வகைத் தகராறு தலைதூக்குகிறது. கூரையில் நீர் கசிகிறது, பூச்சு பெயர்ந்து விழுகிறது, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறி வெளியே தெரிகிறது. வீட்டு உரிமையாளர் வேறு நகரில் இருக்கிறார். தொலைபேசியில் "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். பொறுமை இழந்த வாடகைதாரர் தாமே ஆள்வைத்துச் சரிசெய்துவிட்டு, அடுத்த மாத வாடகையைக் குறைத்து அனுப்புகிறார். அன்று முதல் உரிமையாளரின் கணக்கில் அவர் பழுது பார்த்தவர் அல்லர். வாடகை பாக்கி வைத்தவர்.

சட்டம் இத்தகைய கழிவை முற்றிலும் தடுக்கவில்லை. எனினும் எழுத்துமூலமான அறிவிப்பு முதலில், வேலை அதன் பிறகு, கழிவு கடைசியில் என்பதே சட்டத்தின் வரிசை. இவ்வரிசையைத் தொடங்கிவைப்பது மதிப்பீடுகளும் நிழற்படங்களும் இணைத்து உரிமையாளருக்கு எழுதப்படும் கடிதம்.

சட்டம் சொல்வது என்ன?

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைக்கு விட்டவர், எடுத்தவர் ஆகிய இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. அதன் 'எஃப்' கூறின்படி, உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக்குப் பின் நியாயமான காலத்துக்குள் செய்யத் தவறினால், வாடகைதாரர் அதைத் தாமே செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் அல்லது வேறு வழியில் உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம்.

பலரும் கவனிக்கத் தவறும் சொற்கள் "தாம் செய்யக் கடமைப்பட்ட" என்பவை. வீட்டைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும் என்ற பொதுவான கடமை எதையும் இப்பிரிவு உரிமையாளர் மீது சுமத்தவில்லை. அக்கடமை வாடகை ஒப்பந்தத்திலிருந்தோ, அந்தந்த மாநிலத்தின் வாடகைச் சட்டத்திலிருந்தோ வரவேண்டும். ஆகவே கடிதம் எழுத அமர்பவர் முதலில் எடுக்க வேண்டியது தமது ஒப்பந்தத்தைத்தான். டெல்லியில் புழங்கும் பதினொரு மாத ஒப்பந்தங்கள் பலவற்றில், சிறு பழுதுகள் வாடகைதாரரையும் கட்டமைப்பு சார்ந்த பெரும் பழுதுகள் உரிமையாளரையும் சேரும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் எண்ணைக் குறிப்பிட்டே கடிதம் தொடங்க வேண்டும். அப்படி ஒரு வரியே இல்லையெனில், கடிதம் உரிமைக் கோரிக்கையாக அன்றி இசைவு கேட்கும் வேண்டுகோளாகவே அமையும். தொனியையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்வது நல்லது.

டெல்லிக்குத் தனியே 1958ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. அதன் 44ஆம் பிரிவு வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை உரிமையாளர் மீது நேரடியாகவே சுமத்துகிறது. அறிவிப்புக்குப் பின்னும் அவர் செய்யாவிட்டால் வாடகைதாரர் செய்து கழிக்கலாம். ஆனால் ஓராண்டில் கழிப்பது அவ்வாண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பழுது நீங்காமல் வீட்டில் குடியிருக்கவே இயலாத நிலை என்றால், செலவு மதிப்பீட்டுடன் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். அவர் உரிமையாளரின் தரப்பையும் கேட்டு, தொகையைக் குறிப்பிட்டு அனுமதி அளித்தால், ஆண்டு வாடகையில் பாதி வரை கழிக்கலாம். மாத வாடகை 2,400 ரூபாய் உள்ள பழைய வீடொன்றில் முதல் வழியில் ஆண்டுக்கு 2,400 ரூபாயும் இரண்டாவது வழியில் 14,400 ரூபாயும் கழிக்கலாம் என்று இதற்குப் பொருள்.

இச்சட்டத்தின் எல்லை குறுகியது. மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. தலைநகரில் இன்று புதிதாகக் குடியேறுவோரில் பெரும்பாலோருக்கு எஞ்சியிருப்பவை ஒப்பந்தமும் 1882ஆம் ஆண்டின் சட்டமுமே.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2ஆம் தேதி ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இவ்விடத்தில் ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினாலன்றி அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதை அது தெளிவாகப் பிரித்துள்ளது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி மாற்றுதல் ஆகியவை உரிமையாளருடையவை. குழாய்த் திருகு, வாஷர், வடிகால் சுத்தம், கழிப்பறைப் பழுது, சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரருடையவை. உரிமையாளர் தம் பங்கைச் செய்ய மறுத்தால் வாடகைதாரர் செய்து, பின்வரும் மாதங்களின் வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்க இயலாது. இந்த "பாதி" என்ற அளவு சட்டப்படி கட்டாயமாக இல்லாத இடத்திலும், கடிதத்தில் அதையே முன்வைத்தால் உரிமையாளர் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. மாதந்தோறும் அவர் கைக்கு ஏதோ ஒரு தொகை வந்துகொண்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைக் காண, கற்பனையான ஒரு நிலையை எடுத்துக்கொள்ளலாம்; இதில் வரும் விலைகள் விளக்கத்துக்கானவை மட்டுமே. கிழக்கு டெல்லியில் மூன்றாம் தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரு வீடு. மாத வாடகை 24,000 ரூபாய். முன்பணம் இரண்டு மாத வாடகையான 48,000 ரூபாய். ஏப்ரல் 1 முதல் பிப்ரவரி 28 வரை பதினொரு மாத ஒப்பந்தம். ஜூலை நடுவில் படுக்கையறைக் கூரையில் ஈரத் திட்டு தோன்றுகிறது. வாடகைதாரர் அன்றே உரிமையாளருக்குக் குறுஞ்செய்தியும் படமும் அனுப்புகிறார். ஆகஸ்ட் 2 இரவு, கட்டிலுக்கு அருகே கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. கம்பிகள் வெளித்தெரிகின்றன.

மூன்று ஒப்பந்ததாரர்கள் வந்து பார்த்து மதிப்பீடு தருகின்றனர். முதலாமவர் 38,000 ரூபாய் என்கிறார். கூரையின் அடிப்பக்கத்தை மீண்டும் பூசி வண்ணமடிப்பது மட்டுமே அவருடைய வேலை. இரண்டாமவர் 96,000 ரூபாய். மூன்றாமவர் 1,12,000 ரூபாய். உரிமையாளரின் கண் இயல்பாகவே முதல் தாளில்தான் நிற்கும். கடிதம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியும் அதுதான்.

நீர் வருவது மேலிருந்து. மாடித் தளத்தின் விரிசல் வழியே இறங்கும் மழைநீர் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியைத் துருவேற்றுகிறது. துரு பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. பூச்சு விழுவது அதன் விளைவு. ஆகவே அடியில் மட்டும் பூசினால் அடுத்த மழைக்கு அதுவும் விழும். முறையான வேலை என்பது தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு இட்டு, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பி, மாடியின் மேற்பரப்பு முழுவதும் நீர்க்கசிவுத் தடுப்புச் செய்வது. கடைசியாக மாடியில் நீரைத் தேக்கி ஒரு நாள் முழுதும் வைத்து, கீழே ஈரம் தெரிகிறதா என்று சோதிப்பது.

இரண்டாவது மதிப்பீட்டில் இவை தனித்தனியே எழுதப்பட்டுள்ளன: மாடித் தளம் 700 சதுர அடி, சதுர அடிக்கு 90 ரூபாய், ஆக 63,000; கூரை அடிப்பக்கம் 60 சதுர அடி, சதுர அடிக்கு 350 ரூபாய், ஆக 21,000; சாரம், இடிபாடு அகற்றல், வண்ணப்பூச்சு 12,000. மொத்தம் 96,000. மூன்றாவது மதிப்பீட்டிலும் இதே வேலைகளே. விலை மட்டும் கூடுதல். இந்த இரண்டையும்தான் ஒப்பிட முடியும். முதல் மதிப்பீட்டை மறைக்கத் தேவையில்லை. இணைத்தே அனுப்பி, அதில் மாடி வேலை இல்லை என்பதைக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிடுவது நம்பகத்தைக் கூட்டும். "மொத்தமாக ஒரு லட்சம்" என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு மதிப்பீடே ஆகாது. பரப்பு, வீதம், பொருளின் வகை, வரி, வேலை முடியும் காலம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் ஆகியவை ஒப்பந்ததாரரின் பெயரச்சிட்ட தாளில், தேதியுடனும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும்.

டெல்லிக்கே உரிய ஒரு சிக்கலையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். தளம் தளமாக விற்கப்பட்ட கட்டடங்களில் மொட்டை மாடியின் உரிமை மேல்தள வீட்டுக்காரரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது; வேறொருவரிடமோ அனைவருக்கும் பொதுவாகவோ இருக்கலாம். அப்படியானால் உரிமையாளர் ஒப்புக்கொண்டாலும் மாடியில் கைவைக்க மற்றவரின் இசைவு வேண்டும், செலவிலும் பங்கு கேட்க இடமுண்டு. அதை விசாரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் கடிதத்தில் கேட்டுவிட வேண்டும்.

படங்கள் எதைக் காட்ட வேண்டும்?

பெயர்ந்த பூச்சை நெருக்கமாக எடுத்த பத்துப் படங்களால் பயன் குறைவு. அது எந்த அறை, எந்த வீடு என்று அவற்றிலிருந்து யாராலும் சொல்ல இயலாது. முதலில் அறை முழுவதும் தெரியும்படி ஒன்று, அடுத்து பழுதான பகுதி, பிறகு அளவுகோலோ நாணயமோ அருகில் வைத்து விரிசலின் அகலம் தெரியும்படி ஒன்று என எடுப்பது வழக்கமான முறை. மாடியில் விரிசல், நீர் தேங்கும் இடம், மழைநீர் வெளியேறும் துளை ஆகியவற்றையும் எடுக்க வேண்டும். துளை அடைபடாமல் இருக்கிறது என்று காட்டும் படம் குறிப்பாக முக்கியம். "நீங்கள் வடிகாலைச் சுத்தம் செய்யாததால்தான் நீர் தேங்கியது" என்ற மறுப்புக்கு அதுவே விடை. வீட்டுக்குக் குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால், அதே கோணத்தில் இப்போதைய நிலையை எடுத்து இணையாக வைக்கலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் எண், தேதி, இடம் குறித்து அச்சிட்டு இணைப்பது நல்லது. மூலக் கோப்பைக் கைப்பேசியிலிருந்து அழிக்கக் கூடாது. செயலிகள் வழியே அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு, அதில் பதிந்திருக்கும் நேர விவரம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழைக் கேட்கிறது. மூலக் கோப்பும் எடுத்த கருவியும் கைவசம் இருந்தால் அது எளிது.

கடிதத்தின் வாசகம்

ஒப்பந்தம் எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியில் கடிதம் எழுதுவதே உசிதம். மேற்சொன்ன எடுத்துக்காட்டுக்கு அதன் வாசகம் பின்வருமாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்களுக்குச் சொந்தமான மூன்றாம் தள வீட்டில், ஏப்ரல் 1ஆம் தேதியிட்ட ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறேன். ஜூலை மாதம் வரையிலான வாடகை முழுவதும் செலுத்தப்பட்டுள்ளது.

ஜூலை 16 அன்று கூரையில் கசிவு ஏற்பட்டதைத் தங்களுக்குத் தெரிவித்திருந்தேன். ஆகஸ்ட் 2 இரவு படுக்கையறையின் கூரைப் பூச்சு ஏறத்தாழ 12 சதுர அடி அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. இரும்புக் கம்பிகள் வெளித்தெரிகின்றன. அவ்வறையைப் பயன்படுத்த இயலவில்லை. நிலையைக் காட்டும் படங்கள் 1 முதல் 9 வரை இணைக்கப்பட்டுள்ளன.

ஒப்பந்தத்தின் 11ஆம் விதிப்படி கட்டமைப்புப் பழுதுகள் தங்கள் பொறுப்பில் உள்ளன. தாங்களே ஆளனுப்பிச் சரிசெய்தால் அதையே முதலில் வரவேற்கிறேன். அது இயலாதெனில், என் செலவில் செய்து வாடகையில் ஈடுசெய்துகொள்ளத் தங்கள் எழுத்துமூலமான இசைவைக் கோருகிறேன்.

மூன்று மதிப்பீடுகள் இணைக்கப்பட்டுள்ளன. 38,000 ரூபாய்க்கான மதிப்பீட்டில் மாடித் தள வேலை இல்லாததால் கசிவு நிற்காது. ஏனைய இரண்டில் குறைவான 96,000 ரூபாய்க்கான மதிப்பீட்டை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் வேறொருவரைக் கொண்டு பார்வையிட விரும்பினால், முன்கூட்டியே தெரிவிக்கும் எந்த நாளிலும் வீட்டைத் திறந்து காட்டுவேன். மாடியில் வேலை செய்ய வேறு எவருடைய இசைவாவது தேவையா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

வேலையை மழை ஓய்ந்தபின் அக்டோபர் முதல் பாதியில் முடிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் 12,000 ரூபாய் வீதம் 48,000 ரூபாயை வாடகையில் ஈடுசெய்து, மீதி 12,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் செலுத்துவேன். எஞ்சிய 48,000 ரூபாயை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால் அடுத்த நான்கு மாதங்களில் இதேபோல் ஈடுசெய்யலாம். புதுப்பிக்கப்படாவிட்டால் வீட்டை ஒப்படைக்கும் நாளில் முன்பணத்துடன் சேர்த்துத் தர வேண்டுகிறேன். இத்தொகைக்கு வட்டி கோரவில்லை. உண்மையான செலவு மதிப்பீட்டைவிடக் குறைந்தால் குறைந்த தொகையே கணக்கில் கொள்ளப்படும். கூடுமானால் தங்களிடம் கேட்காமல் செலவிட மாட்டேன்.

தங்கள் இசைவு வரும்வரை வாடகையை முழுமையாகச் செலுத்திவருவேன். ஆகஸ்ட் 19ஆம் தேதிக்குள் பதில் அளிக்க வேண்டுகிறேன். ஆபத்தைத் தவிர்க்க, தளர்ந்த பூச்சைத் தட்டி அகற்றி, கூரைக்கு முட்டுக் கொடுக்கும் வேலையை மட்டும் உடனே செய்கிறேன். அதன் ரசீதைப் பின்னர் அனுப்புவேன்."

கடிதத்தில் மிகக் கவனமாக எழுத வேண்டிய பகுதி எஞ்சிய 48,000 ரூபாயைப் பற்றியது. மாதம் பாதி என்ற கணக்கில் 96,000 ரூபாய் ஈடாக எட்டு மாதங்கள் வேண்டும். ஒப்பந்தத்திலோ வேலை முடிந்தபின் நான்கு மாதங்களே மிச்சம். இதைச் சொல்லாமல் விட்டால், பிப்ரவரி இறுதியில் வாடகைதாரர் தம் பணத்தில் பாதியை உரிமையாளரிடம் விட்டுவிட்டு வெளியேற வேண்டிய நிலை வரும். இத்தனை பெரிய தொகையை முன்கூட்டிப் போட இயலாதவர்கள், ஒப்பந்ததாரருக்குரிய பணத்தில் பாதியை உரிமையாளரே நேரடியாகச் செலுத்தக் கோரலாம். அப்போது நான்கு மாதங்களிலேயே கணக்கு தீர்ந்துவிடும்.

கோரிக்கையில் மேம்பாட்டு வேலைகளைக் கலக்கக் கூடாது. பெயர்ந்த கூரையைச் சரிசெய்வது பழுதுபார்ப்பு. அதே சாக்கில் அலங்காரக் கூரை அமைப்பது பழுதுபார்ப்பு அன்று. மதிப்பீட்டில் அப்படி ஒரு வரி இருந்தாலே மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பதில் வந்தால், வராவிட்டால்

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்க வேண்டும். இல்லையெனில் ஒப்புகைச் சான்றுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பலாம். உரிமையாளர் சம்மதித்தால், "சரி" என்ற ஒற்றைச் சொல்லோடு விடாமல், தொகை, மாதங்கள், எஞ்சிய தொகை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுக் கடித நகலிலேயே கையொப்பம் பெறுவது பாதுகாப்பு. வேலை முடிந்ததும் வரிப் பட்டியல், பணம் செலுத்திய வங்கிச் சான்று, முடிந்த வேலையின் படங்கள் மூன்றும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

வாடகை ரசீது பற்றி ஒரு சொல். ஈடுசெய்யும் மாதங்களில் வங்கியில் 12,000 ரூபாய் மட்டுமே செல்லும். ஆனால் அம்மாத வாடகை 24,000 ரூபாய்தான். ரசீதில் முழு வாடகையையும் எழுதி, அதில் 12,000 ரொக்கமாகவும் 12,000 பழுதுச் செலவில் ஈடாகவும் பெறப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். இல்லையெனில் வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கோரும் ஊழியர் தம் அலுவலகத்தில் விளக்கம் சொல்ல நேரிடும். உரிமையாளரும் முழு வாடகையையே வருமானமாகக் காட்ட வேண்டும். வாடகை வருமானத்தில் உண்மையான பழுதுச் செலவு எவ்வளவாயினும் 30 சதவீதம் என்ற நிலையான கழிவே கிடைக்கும்.

பதிலே வராவிட்டால் இரண்டாவது அறிவிப்பு. அதில் முதல் கடிதத்தின் தேதியையும் 108ஆம் பிரிவையும் குறிப்பிட்டு, மேலும் பதினைந்து நாள் அவகாசம் தரலாம். "நியாயமான காலம்" என்பதற்குச் சட்டம் நாள்கணக்கு எதையும் சொல்லவில்லை. கம்பி தெரியும் கூரைக்கு உரிய காலமும் நிறம் மங்கிய சுவருக்கு உரிய காலமும் ஒன்றல்ல. அதன் பிறகும் மௌனம் நீடித்தால் வாடகைதாரர் வேலையைச் செய்து கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உரிமையாளருக்குக் கடமை இருந்தது, அறிவிப்பு சேர்ந்தது, காலம் கடந்தது, செலவு உண்மையானது ஆகிய நான்கையும் நிறுவும் சுமை அவர் தோளில் விழும். ஒப்பந்தத்தில் பழுதுபற்றிய விதி தெளிவாக இல்லாதவர்களுக்கு, வாடகையை முழுதாகக் கட்டிக்கொண்டே, சட்டம் சொல்லும் "வேறு வழியில்" செலவை வசூலிக்க வழக்கறிஞரை நாடுவதுதான் ஆபத்துக் குறைந்த பாதை. வாடகை பாக்கிக்காக வெளியேற்ற வழக்கு வந்துவிட்டாலும், விசாரணையில் பாக்கியை வட்டியோடும் வழக்குச் செலவோடும் செலுத்தினால் நீதிமன்றம் நிவாரணம் வழங்கலாம் என்று அதே சட்டத்தின் 114ஆம் பிரிவு கூறுகிறது. அந்த நிவாரணம் நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்தது.

"பழுது உங்களால்தான்" என்று உரிமையாளர் மறுத்து எழுதினால், எழுத்துச் சண்டையை நீட்டிப்பதைவிட, இருவரும் ஏற்கும் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காரணத்தை மட்டும் எழுதித் தரச் சொல்லலாம். அவருக்கான கட்டணத்தை இருவரும் பாதிப் பாதியாக ஏற்கலாம். காரணம் கூரையின் மேலே இருக்கிறதா, வீட்டின் உள்ளே இருக்கிறதா என்பது அவரது அறிக்கையில் தெரிந்துவிடும்.